முதல் வாக்கியத்தில் என்ன இருக்கிறது? பதவியின் பெயர் மட்டும்தான்

சென்ற மாதம் ஒரு கிடங்கு இருப்புக் கணக்காளர் பணிக்காக 112 மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் தொடங்கின: "தங்கள் நிறுவனத்தில் காலியாக உள்ள கிடங்கு இருப்புக் கணக்காளர் பணியிடத்திற்கு விண்ணப்பிக்கும் பொருட்டு இம்மின்னஞ்சலை எழுதுகிறேன்." ஆள்தேர்வுப் பணியில் இருக்கும் எனக்கு இது புதிதல்ல. ஆனால் இந்த முறை அந்த வாக்கியத்தால் ஒரு நல்ல ஆளை இழந்துவிட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் மின்னஞ்சலை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முழுக் கடிதத்தை எழுதி அனுப்புகிறீர்கள். எங்கள் கண்ணில் முதலில் படுவது ஒரு பட்டியல். அதில் உங்கள் பெயர், பொருள் வரி, பிறகு கடிதத்தின் தொடக்கத்திலிருந்து சில சொற்கள். கைப்பேசியில் பார்த்தால் ஓரிரு வரிகள் தெரியும், அவ்வளவுதான். பொருள் வரியில் 'கிடங்கு இருப்புக் கணக்காளர் பணி – விண்ணப்பம்' என்று இருக்கிறது. அடுத்து தெரியும் சொற்களும் 'தங்கள் நிறுவனத்தில் காலியாக உள்ள கிடங்கு இருப்புக் கணக்காளர்' என்றே ஓடி, வரி முடிந்துவிடுகிறது. எனக்குக் கிடைத்த தகவல் இரண்டு முறையும் ஒன்றே: நான் வெளியிட்ட விளம்பரத்தின் தலைப்பு.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. வாக்கியம் நீண்டால், 'நான் என்ன செய்தேன்' என்கிற செய்தி கடைசிச் சொல்வரை காத்திருக்கும். பட்டியலில் அந்தக் கடைசிச் சொல் தெரியவே தெரியாது. ஆகவே கனமான பெயர்ச்சொல்லும் எண்ணும் வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிட வேண்டும்.

பள்ளியில் கற்ற அனுப்புநர், பெறுநர் அமைப்பை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டுபவர்களின் நிலை இதைவிட மோசம். பட்டியலில் உங்கள் வீட்டு முகவரிதான் தெரிகிறது. தயவுசெய்து அதை இணைப்பில் உள்ள கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் வணக்கம், உடனே முதல் வாக்கியம்.

இனி, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். "அப்படித் தொடங்கினால்தான் மரியாதை" என்கிறார்கள். எத்தனையோ பேரிடம் இதைக் கேட்டுவிட்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் வேலை ஒருபோதும் மரியாதையாக இருந்ததில்லை. காகிதக் கடிதம் ஓர் அலுவலகத்துக்கு வந்தால், உறையைப் பிரித்த எழுத்தர் அது எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 'இன்ன பணிக்கு விண்ணப்பிக்கிறேன்' என்ற தொடக்கம் அவருக்கு வழிகாட்டியது. இன்று அந்த வேலையைப் பொருள் வரி செய்துவிடுகிறது. பொருள் வரியில் பதவியின் பெயரையும், விளம்பரத்தில் குறிப்பு எண் இருந்தால் அதையும் எழுதிவிட்டால் கடிதம் சரியான மேசைக்கு வந்து சேர்ந்துவிடும்.

அப்படியானால் மரியாதை எங்கே இருக்கிறது? விளிப்பில் இருக்கிறது. பெயரைப் பிழையில்லாமல் எழுதுவதில் இருக்கிறது. விளம்பரத்தை முழுதாகப் படித்ததற்கான அடையாளத்தில் இருக்கிறது. 'தாங்கள்', 'தங்கள்' என்று ஒவ்வொரு வரியிலும் எழுதிவிட்டு வேறொரு நிறுவனத்தின் பெயரை மாற்றாமல் அனுப்பியவர்களின் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே மரியாதைச் சொல் இருந்தது, மரியாதை இல்லை. நேராக விஷயத்தைச் சொன்னால் திமிர் என்று யாரும் நினைப்பதில்லை. படிப்பவரின் நேரத்தை மதிப்பதாகவே நினைப்போம்.

இன்னொரு தவறு இதற்கு நேர் எதிரானது. பழைய தொடக்கத்தை விட்டுவிடச் சொன்னால், "சிறு வயது முதலே கணக்கின் மீது தீராத காதல்" என்று தொடங்குகிறார்கள். அல்லது "கடின உழைப்பும் நேர்மையும் கொண்ட நான்" என்கிறார்கள். எவராலும் எழுதக்கூடிய வாக்கியம் எவரைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது.

இப்போது நாங்கள் இழந்தவரைப் பற்றி. விளம்பரத்தில் ஒரு வரி இருந்தது: "ஏட்டில் உள்ள இருப்புக்கும் அடுக்கில் உள்ள இருப்புக்கும் வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்." அதுதான் எங்கள் தலைவலி. முதல் சுற்றில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தோம். நேர்முகத் தேர்வில் யாரும் தேறவில்லை. மீண்டும் பழைய குவியலுக்குத் திரும்பி ஒவ்வொன்றாகக் கடைசிவரை படித்தேன். ஒரு பெண்ணின் கடிதத்தில், நான்காவது பத்தியின் நடுவில் இது இருந்தது. அவர் ஓர் உதிரிபாகக் கிடங்கில் வேலை செய்கிறார். அங்கே 1,400 வகைப் பொருள்கள். மாத இறுதியில் எண்ணும்போது 60 வகைகளில் கணக்கு ஒத்துப்போகாது. அவர் தினமும் காலையில் 70 வகைகளை எண்ணும் முறையைத் தொடங்கியிருக்கிறார். 20 வேலை நாள்களில் கிடங்கு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். எட்டு மாதங்களில் வேறுபாடு பத்து வகைகளுக்கும் கீழே இறங்கிவிட்டது.

உடனே தொலைபேசியில் அழைத்தேன். ஏன் 70 என்று கேட்டேன். "சரக்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் தொடங்குவதற்கு முன் ஓர் ஆளால் அவ்வளவுதான் எண்ண முடியும் சார். நகரத் தொடங்கிவிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும்" என்றார். எங்கிருந்து வேறுபாடு வந்தது என்று கேட்டதற்கு, ஒரே மாதிரி தோன்றும், குறியீட்டில் ஓர் எண் மட்டும் மாறும் பொருள்களை அடுத்தடுத்த தட்டுகளில் வைத்திருந்ததுதான் முக்கியக் காரணம் என்றார். வேலையைத் தெரிந்தவர் பேசும் பேச்சு அது. ஆனால் முந்தைய வாரமே வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். முதல் சுற்றிலேயே முழுதாகப் படிக்காதது என் தவறு. அதை நான்காவது பத்தியில் புதைத்து வைத்தது அவர் தவறு.

அவருடைய செய்தியையே முதல் வாக்கியமாக மாற்றிப் பார்ப்போம். முதல் முயற்சியில் பலரும் இப்படி எழுதுவார்கள்: "உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் இருப்புக் கணக்கைக் கவனித்துவரும் எனக்கு இத்துறையில் நல்ல அனுபவம் உண்டு." பழைய தொடக்கத்தைவிட மேல். ஆனாலும் 'நல்ல' என்பதை நான் எதை வைத்து நம்புவது?

அடுத்த முயற்சியில் எல்லாவற்றையும் திணித்துவிடுவார்கள். 1,400 வகை, 70 வகை, 20 நாள், தட்டு மாற்றம், குறியீடு என்று ஆறு எச்சங்கள் தொங்கும். மூச்சு வாங்கும். விளம்பரம் கேட்ட ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உள்ளே தள்ள வேண்டும்:

"மாதம் 60 பொருள்களில் வந்த இருப்பு வேறுபாட்டை, தினசரி எண்ணிக்கை முறையைத் தொடங்கி, எட்டு மாதங்களில் பத்துக்கும் கீழே கொண்டுவந்தேன்."

'மாதம் 60 பொருள்களில் வந்த இருப்பு வேறுபாட்டை' என்ற அளவுக்குப் பட்டியலில் தெரிந்தாலே நான் திறந்துவிடுவேன், ஏனென்றால் அது என் விளம்பரத்தின் சொல், என் பிரச்சினை. பிறகு இரண்டாவது வாக்கியத்தில், "இந்த அனுபவத்தோடு உங்கள் கிடங்கு இருப்புக் கணக்காளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்" என்று எழுதிக்கொள்ளலாம். அந்த வாக்கியம் தீண்டத்தகாதது என்று நான் சொல்லவில்லை. முதலிடத்தை அதற்குக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

எழுதும் முறையும் இந்த வரிசைதான். விளம்பரத்தில் அவர்கள் எதற்காகக் கவலைப்படுகிறார்கள் என்பதைக் காட்டும் ஒரு வரியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் பொறுப்புகளின் பட்டியலில் முதலிலோ, வேறு சொற்களில் இரண்டு முறையோ வந்திருக்கும். அந்தக் கவலையை நீங்கள் எங்கே எதிர்கொண்டீர்கள் என்று யோசியுங்கள். அதை எது, எவ்வளவு, நான் என்ன செய்தேன் என்ற மூன்றோடு எழுதுங்கள். பதினைந்து, இருபது சொற்களைத் தாண்ட வேண்டாம். பிறகு ஒரு சோதனை: நிறுவனத்தையும் பதவியையும் மாற்றினாலும் அந்த வாக்கியம் பொருந்துகிறதா? பொருந்தினால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

எண்ணை இட்டுக்கட்டாதீர்கள். நேர்முகத் தேர்வில் என் முதல் கேள்வியே அந்த வாக்கியத்திலிருந்துதான் வரும். எப்படி அளந்தீர்கள், முன்பு எவ்வளவு, யார் முடிவெடுத்தார்கள் என்று கேட்பேன். குழுவாகச் செய்திருந்தால் 'எங்கள் குழு' என்றே எழுதி, உங்கள் பங்கைச் சொல்லுங்கள். அது உங்களைக் குறைக்காது. தன்விவரக் குறிப்பிலும் அதே எண் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் எட்டு மாதம், இணைப்பில் ஓர் ஆண்டு என்றால் இரண்டையும் நம்ப மாட்டேன்.

"எனக்கு அனுபவமே இல்லையே" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: சம்பளம் வாங்கிய வேலைதான் அனுபவம் என்று யார் சொன்னது? "கல்லூரி ஆய்வகத்தின் 40 கணினிகளில் பழுதுப் பதிவேட்டை இறுதியாண்டு முழுவதும் நான் பராமரித்தேன்" என்பது தொழில்நுட்ப உதவிப் பணிக்கு நல்ல முதல் வாக்கியம். எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குறிப்பிட்ட ஒரு செயல் இருந்தால் போதும். அங்கே வேலை செய்யும் ஒருவர் உங்களை விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தால், அவரிடம் அனுமதி பெற்று அவர் பெயரோடு தொடங்கலாம். அதைவிட வலுவான தொடக்கம் அரிது.

விளம்பரத்திலேயே 'இந்தப் படிவத்தில்தான் அனுப்ப வேண்டும்' என்று சொல்லியிருந்தால் அதற்கு அப்படியே கட்டுப்படுங்கள். அங்கே நான் சொன்னது எதுவும் செல்லாது. தகுதி பொருந்தாத பணிக்கு எந்த முதல் வாக்கியமும் உதவாது. அது செய்யக்கூடியது ஒன்றுதான்: தகுதியுள்ள உங்களை இரண்டாவது வாக்கியம்வரை படிக்க வைக்கும்.

அனுப்புவதற்கு முன் உங்கள் சொந்த முகவரிக்கே ஒருமுறை அனுப்பிவிடுங்கள். கைப்பேசியை எடுத்து, கடிதத்தைத் திறக்காமல், பட்டியலில் மட்டும் பாருங்கள். அங்கே தெரியும் சொற்களில் நீங்கள் செய்த வேலை தெரிகிறதா, அல்லது நான் எழுதிய விளம்பரம்தான் தெரிகிறதா?