பேச்சுப் பதிவைத் திருத்தும்போது மூன்று போதும்

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் பெரியவர்கள் தங்கள் பேச்சைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டுத் திருத்தம் சொல்வது என் அன்றாட வேலை. தொடக்க நிலையில் இருப்பவரின் ஒன்றரை நிமிடப் பேச்சில் இருபது பிழைகள் இருப்பது சாதாரணம். இருபதையும் நேர வரிசைப்படி எழுதி அனுப்பும் ஆசிரியர்கள் நிறையப் பேர். உழைப்பு என்னவோ உண்மைதான். ஆனால் அடுத்த பதிவில் அதே இருபதும் திரும்பி வரும்.

எழுதுகிறவருக்குத் திரும்பிப் பார்க்க நேரம் உண்டு. பேசுகிறவருக்கு அது கிடையாது. அடுத்து என்ன சொல்வது, அதற்கு எந்தச் சொல் என்று தேடுவதிலேயே கவனம் போய்விடும். மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில் ஒன்றிரண்டு விஷயங்களைத்தான் கண்காணிக்க முடியும். மூன்று என்பதே தாராளம் என்பது என் கணிப்பு.

எந்த மூன்று என்பதுதான் கஷ்டமான இடம். ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். "நேற்று நடந்ததைச் சொல்லுங்கள்" என்பது கேள்வி. வந்த பேச்சில் ஒரு பகுதி இது:

"நேத்து அக்கா விடு போனேன். அக்கா தம்பி திட்டினாங்க. ஏன், எனக்குத் தெரியாது. அப்புறம் மளை வந்துச்சு. நான் பசி. அக்கா பல் குடுத்தாங்க. நான் ரொம்ப பிடிச்சுது. பாட்டி வந்தாங்க. பாட்டி கதை சொன்னான், எல்லாரும் சிரிச்சாங்க."

முதல் தடவை பேனாவைத் தொடாமல் முழுவதும் கேட்பேன். கேட்டு முடித்ததும் எனக்குப் புரிந்த கதையை ஒரே வரியில் எழுதுவேன். அந்த வரியை எழுத முடியாமல் தடுக்கும் பிழைதான் முதலிடத்துக்கு வரும். இங்கே நான் நின்ற இடம் "அக்கா தம்பி திட்டினாங்க". அக்கா தம்பியைத் திட்டினாரா, அல்லது அக்காவும் தம்பியும் சேர்ந்து வேறு யாரையோ திட்டினார்களா? ஓர் ஐ உருபு இல்லாமல் கதையே மாறிவிட்டது. அவர் ஏன் அதை விட்டார் என்பதும் தெரிகிறது. "பால் குடிச்சேன்", "கதை சொன்னாங்க" என்று அஃறிணைப் பொருளுக்கு நாம் பேச்சில் உருபைச் சேர்ப்பதே குறைவு. அதைக் கேட்டுப் பழகியவர் ஆட்களுக்கும் அப்படியே விட்டுவிட்டார். ஆகவே வேற்றுமை உருபுகள் முழுவதையும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆளைச் சொல்லும்போது ஐ வேண்டும் என்ற ஒரு விதி போதும்.

இரண்டாவது தடவை கேட்கும்போது, திரும்பத் திரும்ப வருவது எது என்று நேரக் குறிப்போடு எழுதுவேன். "நான் பசி", "நான் பிடிச்சுது" இரண்டும் பார்வைக்கு வேறு வேறு. உள்ளே இருப்பது ஒரே பிழை: "எனக்கு" வர வேண்டிய இடத்தில் "நான்". இதைப் பிடித்தால் வலிக்கிறது, வேண்டும், புரிகிறது என்று அவர் இன்னும் சொல்லாத வாக்கியங்களும் சேர்ந்து சரியாகும். போதாதற்கு, "எனக்குத் தெரியாது" என்று அதே பதிவில் சரியாகச் சொல்லியிருக்கிறார். மனப்பாடமாக வந்த தொடராக இருக்கலாம். இருந்தாலும் பிடித்துக்கொண்டு ஏற அது ஒரு படி.

மூன்றாவது, "விடு", "பல்". நெடில் குறுகிவிட்டது. அக்கா கொடுத்தது பால் என்று சூழலை வைத்து ஊகிக்க முடிந்தது. எப்போதும் முடியாது. படம் பாடம், கல் கால் என்று தமிழில் இந்த வேறுபாட்டை நம்பி நிற்கும் சொற்கள் ஏராளம்.

எதை விட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். "மளை"யை விட்டேன். ஆசிரியர்களின் கை முதலில் போவது ழகரத்தின் மேல்தான், எனக்கும் அது பிடித்த எழுத்துதான். ஆனால் அந்த இடத்தில் யாருக்கும் பொருள் தடுமாறாது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். "வீட்டுக்கு" என்பதில் விட்டுப்போன "கு"வும் பொருளைக் கெடுக்கவில்லை, அது பிறகு. "பாட்டி சொன்னான்" காதில் உறுத்தியது. ஆனால் அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே "பாட்டி வந்தாங்க" என்று சரியாக வந்திருக்கிறது. தெரியாமல் செய்வதும் வாய் தவறுவதும் வேறு என்று பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967-லேயே பிரித்துக் காட்டினார். வாய் தவறியதற்கு ஓர் இடத்தைச் செலவு செய்ய வேண்டாம்.

அடுத்து, எப்படிச் சொல்வது. உச்சரிப்பைப் பற்றி எழுத்தில் சொல்லிப் பயனில்லை என்பதால் குரல் பதிவாகவே அனுப்புகிறேன், இரண்டு நிமிடத்துக்குள். இந்தப் பதிவுக்கு அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"அக்கா வீட்டுக்குப் போனது, மழை, பாட்டி சொன்ன கதை எல்லாம் புரிஞ்சுது. ஒரு இடம் புரியல. பத்தாவது நொடியில கேளுங்க. யார் யாரைத் திட்டினாங்க? அப்புறம், 'எனக்குத் தெரியாது'ன்னு அழகா சொன்னீங்க. பசிக்கும் பிடிச்சதுக்கும் அதையே வச்சு சொல்லிப் பாருங்க. மூணாவது, இதைக் கேளுங்க: பல், பால். விடு, வீடு. ரெண்டாவதை ஒரு மடங்கு இழுத்துச் சொல்லுங்க, கொஞ்சம் அதிகமா இழுத்தாலும் பரவாயில்லை."

முதல் இரண்டிலும் சரியான வடிவத்தை நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் 1997-ல் எழுதிய கட்டுரையில் இது வருகிறது. ஆசிரியர்கள் அதிகம் செய்தது, பிழையான வாக்கியத்தைத் தாங்களே சரியாகத் திருப்பிச் சொல்வது. மாணவர்கள் அதைப் பிடித்துக்கொண்டது குறைவு. கேள்வி கேட்டும் குறிப்புக் கொடுத்தும் அவர்கள் வாயிலிருந்தே வரவழைத்தபோது திருத்தம் கூடுதலாக நடந்தது. உச்சரிப்பில் மட்டும் நான் சொல்லிக் காட்டியே ஆக வேண்டும். காதில் விழாத வேறுபாட்டைக் கேள்வி கேட்டு வரவழைக்க முடியாது.

பிறகு அதே கதையை மறுபடி சொல்லி அனுப்பச் சொல்வேன். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிலர் திருத்தங்களை எழுதி வைத்து வாசித்துவிடுவார்கள். வாசித்தது கேட்டவுடன் தெரியும்: யோசிக்கும் இடைவெளிகள் காணாமல் போயிருக்கும், "திட்டினாங்க" என்றது "திட்டினார்கள்" ஆகியிருக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம், அது அக்கறையில் செய்வது. ஆனால் அதை வைத்துக் கற்றுக்கொண்டார் என்று முடிவு செய்யாதீர்கள். அடுத்த வாரம் முற்றிலும் வேறு கேள்வி கொடுங்கள். ஆட்கள் வரும்படி, பிடித்தது பிடிக்காதது வரும்படி கேள்வியை அமைத்தால், அந்த மூன்றும் தானாக வருகின்றனவா என்று தெரிந்துவிடும். மூன்றில் ஒன்று சரியாக வந்தாலே அந்த இடம் காலியாகும், காத்திருப்பதில் ஒன்றை உள்ளே கொண்டு வரலாம்.

விட்ட பிழைகளுக்கு ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கிறேன். "மளை", "கு", "சொன்னான்" மூன்றும் தேதியோடு அதில் இருக்கின்றன. "சொன்னான்" அடுத்தடுத்த பதிவுகளிலும் வந்தால் அது வாய் தவறியது இல்லை, முதல் மூன்றுக்குள் வந்துவிடும்.

"எல்லாவற்றையும் திருத்துங்கள், எனக்கு எல்லாம் வேண்டும்" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுவேன். எதுவும் என் கவனத்தில் இல்லாமல் போகவில்லை என்று தெரிந்ததும் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மேடையில் அப்படியே ஒப்பிக்கப்போகும் உரையாக இருந்தால் கதை வேறு. அங்கே வாக்கியங்கள் முன்கூட்டியே முடிவானவை. அதனால் வரி வரியாக எல்லாவற்றையும் திருத்தித்தான் கொடுக்கிறேன்.