சுவரை ஒட்டி ஓடும் கிசுகிசு

தொண்டி அருகே ஓர் இறால் பண்ணையில், தண்ணீர் விடாத வட்டத் தொட்டி ஒன்றைப் பார்த்தேன். சிமென்ட் பூசிய ஆள் உயரச் சுவர். குறுக்களவு 10 மீட்டர். அக்கா மகன் சுவரில் கன்னம் படுகிற மாதிரி நின்று, "மாமா, பசிக்குது" என்று கிசுகிசுத்தான். எதிர்ப்புறச் சுவரோரம் நின்ற எனக்கு, காதருகே சொன்னதுபோலக் கேட்டது. ஓர் எட்டு நடுப்பக்கம் வைத்தேன், குரல் தேய்ந்துவிட்டது.

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக் குவிமாடத்திலும் கர்நாடகத்தின் விஜயபுரத்துக் கோல் கும்பாஸிலும் நடப்பது இதுதான். ஒலி எதிர்ப்புறம் போய்க் குவிகிறது என்று முன்பு சிலர் நினைத்தார்கள். அப்படியென்றால் நேர் எதிரே மட்டும்தான் கேட்க வேண்டும். ஆனால் சுவரோரம் எங்கே நின்றாலும் கேட்கிறது. ஒலி சுவரைத் தழுவிக்கொண்டே ஓடுகிறது என்று விளக்கியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு.

சுவரோடு 20 டிகிரி சாய்வில் கிளம்பும் ஒலி, வளைவில் பட்டு, அதே சாய்வில் திரும்பி, மறுபடியும் படும். இப்படித் தத்தித் தத்திப் போகும்போது அது சுவரிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் விலகுவதே இல்லை. வெட்டவெளியில் ஒலி பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் பரவுவதால், 1 மீட்டரில் இருந்த செறிவு 10 மீட்டரில் நூறில் ஒரு பங்காகிவிடும். சுவரோரப் பட்டையிலோ மேல்கீழாக மட்டுமே பரவ முடியும். அரைவட்டம் சுற்றி 16 மீட்டர் வந்தாலும் பதினாறில் ஒரு பங்கு மிஞ்சுகிறது, அதாவது நேர்வழியைப் போல ஆறு மடங்கு.

கிசுகிசுப்புக்கு ஏன் இந்தச் சலுகை? அதில் குரல்நாண் அதிர்வதில்லை, 'ஸ்', 'ச்' போன்ற உயர் அதிர்வெண் ஒலிகளே அதிகம். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், அந்தப் பட்டைக்குள் அடங்கும். ஆண்குரலின் அடித்தொனிக்கோ கிட்டத்தட்ட 3 மீட்டர், அது அடங்காது.

ராலே, வளைத்த துத்தநாகத் தகட்டின் உட்புறம் ஒரு சிறு பலகையைச் செருகியதும் ஒலி நின்றுபோனது. நாங்களும் வழியில் ஒரு பலகையைச் சுவரில் சாத்தி வைத்தோம். "மாமா" பாதியிலேயே போய்விட்டது!

சர் சி.வி. ராமன் 1921இல் செயின்ட் பாலில் இன்னொன்றையும் கவனித்தார். சுவரிலிருந்து விலக விலக ஒலி சீராகக் குறைவதில்லை, ஏறி ஏறி இறங்குகிறது. ஒன்றின்மேல் ஒன்று விழும் அலைகள் ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் அழித்துக்கொள்கின்றன.

சரி, ராமேஸ்வரத்து மூன்றாம் பிரகாரத்தில் ஏன் கிசுகிசு ஓடுவதில்லை? அங்கே வளைவு இல்லை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அந்தப் பலகையைப் போலத்தான், ஒலியை மறித்துச் சிதறடிக்கும். 10 மீட்டர் தள்ளி நிற்கும் தூணில் பட்டுத் திரும்ப 0.06 விநாடி, அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். கருங்கல் ஒலியை அதிகம் உறிஞ்சாததால் இந்தத் துணுக்குகள் சீக்கிரம் சாவதில்லை. அதனால்தான் அங்கே நாகஸ்வரம் வாசித்தால், சுரம் நின்ற பிறகும் கார்வை தூண்களுக்கிடையே கொஞ்ச நேரம் தங்கி நிற்கிறது.