காற்றுக் குழாய் அடைத்தால் வாஷிங் மெஷின் சொல்லும் இரண்டு பொய்கள்

எங்கள் வீட்டு டாப் லோடு மெஷினில் நடுத்தர அளவு தண்ணீர் வைத்தால், டிரம் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே தண்ணீர் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது விளிம்புக்கு நான்கு விரல் கீழே வரை ஏறி வந்துதான் நின்றது. துணி குறைவாகப் போட்டிருந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே சுற்றில் இன்னொரு கூத்தும் நடந்தது. தண்ணீர் முழுக்க வடிந்து டிரம் காலியாகிவிட்டது, ஆனால் மெஷின் பிழிய மாட்டேன் என்று பீப் அடித்துக்கொண்டே நின்றது. தண்ணீர் இன்னும் வடியவில்லை என்பது அதன் புகார்.

தண்ணீர் இருக்கும்போது இல்லை என்கிறது. இல்லாதபோது இருக்கிறது என்கிறது. இரண்டு கோளாறுகள் என்று நினைத்தேன். கடைசியில் இரண்டுக்கும் காரணம், ஒரு மீட்டர்கூட நீளமில்லாத மெல்லிய ரப்பர் குழாய்.

மெஷினுக்குத் தண்ணீரைப் பார்க்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது காற்றின் அழுத்தம் மட்டும்தான். துணி சுற்றும் ஓட்டை போட்ட டிரம்முக்கு வெளியே, தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் டப் ஒன்று இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு சிறிய காற்றறை. காற்றறையின் உச்சியிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் ஒன்று மேலே ஏறி, கன்ட்ரோல் பேனலுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரஷர் சுவிட்சில் முடிகிறது. டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியே வராது; ஆழம் கூடக்கூடக் கை உணரும் எதிர்ப்பும் கூடும். காற்றறையிலும் அதேதான் நடக்கிறது. தண்ணீர் அறையின் வாயை மூடியதும் காற்று சிறைப்படுகிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீரும் அந்தக் காற்றை இன்னும் கொஞ்சம் நெருக்குகிறது.

இந்த நெருக்கல் மிகச் சிறியது என்பதுதான் விஷயமே. 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. தண்ணீர் 30 சென்டிமீட்டர் ஏறினாலும் உள்ளே இருக்கும் காற்று 3 சதவீதம்தான் சுருங்கும். காற்றறையும் குழாயும் சேர்ந்து 100 மில்லி காற்றைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், இடம்பெயர்வது வெறும் 3 மில்லி. அந்த அசைவை உணர்வதற்காகவே சுவிட்சுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. பழைய வகையில் சவ்வு உப்பியதும் ஸ்பிரிங் ஒன்று ‘டிக்’கென்று புரண்டு மின்தொடர்பை மாற்றும். இப்போது வரும் மெஷின்கள் பலவற்றில் சவ்வு ஒரு ஃபெரைட் துண்டைக் கம்பிச்சுருளுக்குள் தள்ளுகிறது. சுருளின் அதிர்வெண் மாறுவதை வைத்து மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு தண்ணீர் மட்டத்தைக் கணக்கிடும். எந்த வகையானாலும் செய்தி கொண்டுவருவது அந்த 3 மில்லி காற்றுதான். வழியில் சோப்புக் களிம்பு ஒரு கடுகளவு உட்கார்ந்தாலே செய்தி கெட்டுவிடும்.

எப்படிக் கெடும் என்பது, குழாய் எப்போது அடைத்தது என்பதைப் பொறுத்தது. டப் காலியாக இருக்கும்போதே வழி மூடியிருந்தால், கீழே எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் அழுத்தம் சுவிட்சுக்குப் போகாது. மெஷின் தொட்டி காலி என்றே நம்பி, தண்ணீர் வால்வைத் திறந்தே வைத்திருக்கும். இது முதல் பொய். தண்ணீர் நிறைந்து அழுத்தம் மேலே போய்ச் சேர்ந்த பிறகு களிம்பு வழியை மூடினால், தண்ணீர் வடிந்த பின்னும் அழுத்தம் சுவிட்சுக்குள் சிறையிருக்கும். டப் நிறைந்திருப்பதாக நம்பும் மெஷின் பிழியாது. இது இரண்டாவது பொய். தண்ணீரைச் சூடாக்கும் ஃபிரண்ட் லோடு மெஷினில் இது ஆபத்தான பொய்யும்கூட, ஏனென்றால் தண்ணீர் இல்லாமலே ஹீட்டர் எரிய வாய்ப்பிருக்கிறது.

எங்கள் மெஷின் ஒரே நாளில் இரண்டையும் சொன்னதற்குக் காரணம், அடைப்பு முழுதாக இல்லாமல் பாதியாக இருந்தது. காற்று போகிறது, ஆனால் மிக மெதுவாகப் போகிறது. டப் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் விட்டம். ஆகவே ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுமார் 2 லிட்டர் தண்ணீர். எங்கள் பைப்பில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வருகிறது என்பதை வாளி வைத்துப் பார்த்திருக்கிறேன். அதாவது நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர் ஏறும். அன்று கூடுதலாக ஏறியது 15 சென்டிமீட்டர், ஏறக்குறைய 30 லிட்டர். செய்தி மேலே போய்ச் சேர 3 நிமிடம் தாமதமாகியிருக்கிறது, அவ்வளவுதான். வடிந்த பிறகும் அதே தாமதம். மெஷின் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பீப் அடித்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓட விட்டால் ஒன்றுமே நடக்காததுபோலப் பிழிந்தது. கொஞ்ச நேரம் விட்டால் தானே சரியாகும் கோளாறு என்றால், சுவிட்சையோ போர்டையோ சந்தேகப்படும் முன் குழாயைச் சந்தேகப்படலாம்.

அடைப்பு இல்லாமலும் குழாய் பொய் சொல்லும். நடுவில் தொங்கி வளைந்திருந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். கீழிருந்து வரும் அழுத்தத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரைத் தூக்குவதிலேயே செலவாகிவிடும். 3 சென்டிமீட்டர் நீர்த்தம்பத்தைத் தூக்க வேண்டியிருந்தால், மெஷின் 3 சென்டிமீட்டர் கூடுதலாகப் பிடித்த பிறகுதான் நிறுத்தும். குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலோ கதை வேறு: அழுத்தம் மெல்லக் கசியும், துவைத்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் ‘தண்ணீர் குறைந்துவிட்டது’ என்று மறுபடி மறுபடி பிடிக்கும்.

சரி, சோதிப்பது எப்படி? முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். டாப் லோடில் பிரஷர் சுவிட்ச் பெரும்பாலும் மேல் பேனலுக்கு அடியிலும், ஃபிரண்ட் லோடில் மேல்மூடியைக் கழற்றியதும் ஓரத்திலும் தெரியும். மெல்லிய குழாய் செருகிய வட்டமான பிளாஸ்டிக் டப்பி அதுதான். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஷாக் வைத்திருக்கும். அந்தப் பக்கம் கை போக வேண்டாம்.

மெஷின் இரண்டாவது பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய முடிந்தால் நல்லது. டப் காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, குழாயைச் சுவிட்சிலிருந்து மெல்ல இழுங்கள். ‘புஸ்’ என்று காற்று வந்தாலோ, சுவிட்சுக்குள் ‘டிக்’ கேட்டாலோ தீர்ப்பு முடிந்தது. காலி டப்புக்கு மேலே அழுத்தம் இருக்க வேறு காரணமே இல்லை. எங்கள் மெஷினில் அந்த ‘டிக்’ கேட்டபோது, போர்டு போயிருக்கும் என்று முந்தின நாள் சொல்லிவிட்டுப் போன மெக்கானிக் நினைவுக்கு வந்தார்.

அந்த வாய்ப்பு கிடைக்காவிட்டால், டிரம்மில் ஒரு சாண் தண்ணீர் ஊற்றிவிட்டு, கழற்றிய குழாய் முனையில் வாய் வைத்து மெதுவாக ஊதுங்கள். வழி சரியாக இருந்தால் கீழே ‘குளுகுளு’ என்று குமிழி வரும் சத்தம் கேட்கும். ஊதவே முடியாவிட்டால் அடைப்பு. அடுத்து சுவிட்சின் பக்கம். ஒரு சிறு குழாய் வைத்து, விளக்குச் சுடரை அசைக்கும் அளவு மட்டும் ஊதுங்கள். ‘டிக்’ கேட்டால், ஊதுவதை நிறுத்தியதும் இன்னொரு ‘டிக்’ கேட்டால், பழைய வகைச் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. எலக்ட்ரானிக் வகையில் சத்தமே வராது. அதை வைத்துப் பழுது என்று முடிவு கட்டக் கூடாது. மெதுவாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 30 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் 3 கிலோபாஸ்கல்தான். முழு மூச்சோடு ஊதினால் நம் வாய் 10 கிலோபாஸ்கல் வரை எட்டிவிடும். சவ்வு அதைத் தாங்குமென்று நம்ப வேண்டாம். பஞ்சர் கடைக் காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை.

சுத்தம் செய்ய, குழாயை இரு முனையிலும் கழற்றி வெளியே எடுத்துவிடுவது நல்லது. வெளிச்சத்துக்கு எதிரே நீட்டிப் பிடித்து எட்டிப் பாருங்கள். வெந்நீர் விட்டு அலசி, ஊதி, உள்ளே ஒரு சொட்டும் நிற்காமல் காயவிடுங்கள். ஒரு முனையை விரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் ஊதினால் ஓட்டை இருக்குமிடம் குமிழியாகத் தெரியும்.

பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள், அடைப்பு பெரும்பாலும் இருப்பதோ இன்னும் கீழே, காற்றறையின் வாயில். தண்ணீர் அறைக்குள் மூன்று மில்லிதான் நுழைகிறது என்று பார்த்தோம் இல்லையா, அழுக்கும் அந்த வாயோரத்திலேயே தங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் வருவது போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து வெண்ணெய்போல ஒரு களிம்பாகும். அதில் துணிப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். தேவைக்கு மேல் சோப்புத்தூள் போட்டால் நுரை அறைக்குள் ஏறி, அங்கேயே காயும். காற்றறையின் உச்சியில் குழாய் செருகும் மூக்கு வழியாக ஊசியில்லாத சிரிஞ்சால் வெந்நீரை மெல்லச் செலுத்துங்கள். மூன்று நான்கு முறை செலுத்திய பிறகு எங்கள் டப்புக்குள் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு கட்டி வந்து விழுந்தது. வராவிட்டால் பிளாஸ்டிக் கேபிள் டையை நுழைத்து அசைக்கலாம். இரும்புக் கம்பி வேண்டாம், பிளாஸ்டிக் மூக்கு உடைந்தால் டப்பையே மாற்ற வேண்டிவரும். உப்புப் படிவு கெட்டியாக இருந்தால் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து விட்டு அரைமணி நேரம் ஊறவைக்கலாம். கக்கூஸ் ஆசிட் கூடாது.

திரும்ப மாட்டும்போது, குழாய் சுவிட்சிலிருந்து கீழ்நோக்கி எங்கும் பள்ளம் விழாமல் இறங்க வேண்டும். முனை தளர்ந்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுச் செருகுங்கள். அப்புறம் துணி போடாமல் ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். நான் ஓடவிட்டபோது தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. வடிந்த கையோடு பிழியவும் ஆரம்பித்தது. அதற்குப் பிறகும் மட்டம் தவறினால்தான் சுவிட்சை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.