கறிவேப்பிலை ஏன் வெளுத்தது: ஓராண்டுக் குறிப்பேடு சொன்ன விடை

மொட்டை மாடியில் தொட்டியில் வளரும் கறிவேப்பிலையின் இலை வெளுத்தால், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்பார் ஒருவர், உரம் போதவில்லை என்பார் மற்றொருவர், வெயில்தான் காரணம் என்பார் மூன்றாமவர். மூன்றுமே நடக்கக்கூடியவை. எது உண்மை என்பதைச் செடியை ஒரு நாள் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஏனெனில் காரணம் நிகழ்ந்த நாளுக்கும் அது இலையில் தெரியும் நாளுக்கும் இடையில் பல வாரங்கள் கடந்துவிடுகின்றன. அந்த இடைவெளியை நம் நினைவு தாங்காது, குறிப்பேடுதான் தாங்கும். சென்னையில் என் மாடியில் இருந்த ஒரு கறிவேப்பிலைச் செடிக்கு ஓராண்டு எழுதிய குறிப்பேட்டை வைத்து இதை விளக்குகிறேன்.

குறிப்பு மிக எளியது. வாரத்துக்கு ஒரு வரி. அதில் ஊற்றிய நீரின் அளவு லிட்டரில், அந்த நீர் எங்கிருந்து வந்தது, விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தபோது மண் ஈரமா உலர்ந்ததா, உரம் இட்டிருந்தால் என்ன, எவ்வளவு என்பவை இருக்கும். இறுதியில் இலையின் நிலை இரண்டு எண்களாக வரும்: முதல் எண் மேலே உள்ள புதுத் துளிருக்கு, இரண்டாவது அடியில் உள்ள முதிர்ந்த இலைகளுக்கு. முழுப் பச்சைக்கு 0, லேசான வெளுப்புக்கு 1, தெளிவான மஞ்சளுக்கு 2, ஏறத்தாழ வெள்ளைக்கு 3. செடி நன்றாக இருக்கும் வாரத்திலும் '0, 0' என்று எழுதியே ஆக வேண்டும். நோய் வந்தபோது மட்டும் எழுதினால், அதற்கு முன் எது மாறியது என்று ஒப்பிட நம்மிடம் ஒன்றும் இருக்காது.

துளிரையும் முதிர்ந்த இலையையும் பிரித்து எழுதுவதற்குத் திட்டமான காரணம் உண்டு. தழைச்சத்து குறையும்போது செடி தன் பழைய இலைகளிலிருந்து அதை எடுத்துப் புதுத் துளிருக்கு அனுப்பிவிடும். ஆகவே அடி இலைகள்தாம் முதலில் மஞ்சளாகும். மக்னீசியம் குறைந்தாலும் அடி இலைகளே முதலில் வெளுக்கும். இரும்புச்சத்து அப்படியல்ல. ஓர் இலையில் சேர்ந்த இரும்பு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். எனவே வேரிலிருந்து வரத்துக் குறைந்தவுடன், பச்சையம் உருவாக்க இரும்பு தேவைப்படும் புதுத் துளிர்தான் வெளுக்கிறது. அதிலும் நரம்புகள் பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பரப்பு மட்டும் மஞ்சளாகும்.

என் குறிப்பேட்டில் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் '0, 0' என்றே இருந்தது. மார்ச் 10-ஆம் நாள் வரியில், தண்ணீரைச் சேமிக்க எண்ணி, குடிநீர் வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை நாளுக்கு ஒன்றரை லிட்டர் ஊற்றத் தொடங்கியதாக எழுதியிருக்கிறேன். அடுத்த ஐந்து வாரங்களும் '0, 0'தான். ஏப்ரல் 20 அன்று '1, 0'. செடிக்குப் பசி என்று நினைத்து இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இட்டேன். மே மாதத்தில் '2, 0'. பெரியவர்கள் சொன்னபடி புளித்த மோரை நீர்க்கக் கரைத்து ஊற்றினேன். ஒரு துளிர் சற்றுத் தேறியது, அதற்கடுத்தது மீண்டும் வெளுத்தே வந்தது. ஜூலையில் '3, 0'. அக்டோபர் மூன்றாம் வாரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நீர் ஊற்றுவதை நிறுத்தினேன். டிசம்பர் முதல் வாரத்தில் வந்த துளிர் பளிச்சென்ற பச்சையாக இருந்தது. கோடையில் வெளுத்த கொத்துகளின் காம்பில் அடையாளத்துக்காகச் சிவப்பு நூல் கட்டியிருந்தேன்; அவை மட்டும் முழுமையாகத் தேறவில்லை.

பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து அந்த ஐம்பது வரிகளையும் ஒரே மூச்சில் படித்தபோதுதான் கணக்கு நேரானது. இரண்டாவது எண் ஆண்டு முழுவதும் 0 என்பதால் தழைச்சத்துக் குறைவு என்ற ஊகம் விழுந்தது. அடுத்தது ஈரம். வேரில் நீர் தேங்கினால் காற்றின்றி வேர் தளர்ந்து, இரும்பை எடுக்க முடியாமல் துளிர் வெளுப்பது உண்டுதான். ஆனால் மண் மிக ஈரமாக இருந்த நவம்பர், டிசம்பரில்தான் செடி தேறியிருக்கிறது. இந்த ஒரு முரண்பாட்டைக் காட்டியதற்காகவே ஈரத்தைக் குறித்து வைத்த உழைப்பு தகும் என்பேன்.

எஞ்சியது நீரின் வகை. எங்கள் போர்வெல் நீர் உப்பும் சுண்ணமும் மிகுந்தது. ஆர்.ஓ. இயந்திரம் அதில் நல்ல நீரை ஒருபுறம் பிரித்துவிடுவதால், கழிவுநீரில் அதே உப்புகள் இன்னும் செறிவாகின்றன. அவற்றுள் உள்ள பைகார்பனேட் தொட்டி மண்ணைச் சிறிது சிறிதாகக் காரத்தன்மைக்குத் தள்ளும். பி.எச். 7.5-ஐத் தாண்டிய மண்ணில் இரும்பு இருந்தும், வேர் எடுக்க முடியாத வடிவில் இறுகிவிடும். ஆறு வாரத் தாமதத்தின் பொருளும் இதுதான்: காரம் சேர நாளாகிறது, சேர்ந்த பிறகு பிறக்கும் துளிரில்தான் அது தெரிகிறது. மோர் தந்த சிறு பயன் ஏன் நிலைக்கவில்லை என்பதும் விளங்கியது. அதன் புளிப்பு சில நாளில் தீர, காரமோ நாள்தோறும் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பருவமழை அந்தக் காரத்தையும் உப்பையும் அடித்துளை வழியே கழுவி வெளியேற்றியது.

தொட்டியின் விளிம்பில் படிந்திருந்த வெண்மையான பொருக்கின் மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். பொடிப்பொடியாக நுரைத்துக் குமிழிகள் வந்தன. அது கார்பனேட் என்பதற்கு அந்த நுரையே சான்று. வெறும் சமையலுப்பு படிந்திருந்தால் நுரைத்திராது.

ஆயினும் குறிப்பேடு காட்டுவது உடன்நிகழ்வை மட்டுமே. மழை வந்த அதே நாள்களில் வெயிலும் தணிந்தது; செடி தேறியதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய, பிப்ரவரியில் ஒரே அளவுத் தொட்டிகளில் இருந்த இரண்டு கறிவேப்பிலைச் செடிகளை ஒரே வெயிலில் வைத்து, ஒன்றுக்குக் கழிவுநீரும் மற்றொன்றுக்கு டிரம்மில் பிடித்த மழைநீரும் ஒரே அளவில் ஊற்றினேன். வேறெதையும் மாற்றவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் முதல் செடி '2, 0', இரண்டாவது '0, 0'.

பிறகு வெளுத்த செடியின் ஒரு கிளையில் மட்டும், ஒரு லிட்டர் மழைநீரில் 2 கிராம் அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட் உப்பும் இரும்பு கரைந்த நிலையிலேயே நிற்பதற்காக ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலமும் கலந்து மாலையில் தெளித்தேன். பத்து நாளுக்குள் துளிகள் பட்ட இடங்களில் பச்சைப் புள்ளிகள் தோன்றின. தெளிக்காத கிளைகள் மஞ்சளாகவே இருந்தன. குறைந்தது இரும்புதான் என்று அப்போது உறுதியாயிற்று. கரைசலைக் கெட்டியாகக் கலந்தாலோ உச்சி வெயிலில் தெளித்தாலோ இளந்துளிர் கருகும். மேலும் இது தெளித்த இலையை மட்டுமே தேற்றும், அடுத்துப் பிறக்கும் துளிருக்கு உதவாது.

இப்போது ஆர்.ஓ. கழிவுநீர் மாடியைக் கழுவப் போகிறது. மழைநீர் தீர்ந்த பிறகு போர்வெல் நீரையே ஊற்ற வேண்டியிருப்பதால், அந்த வரிகளை மட்டும் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதுகிறேன். அவற்றிலிருந்து ஆறாவது வாரத்தில் துளிரைக் கவனித்துப் பார்க்கிறேன்.