டூம்ஸ்டோன்: நீக்கக்குறி

கல்லறையின் மேல் நிறுத்தும் கல்லை ஆங்கிலத்தில் டூம்ஸ்டோன் என்பர். இதன் முற்பகுதி, புதைமேட்டைக் குறித்த டும்போஸ் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. கணினியியலில் இச்சொல், ஒவ்வொரு பதிவுக்கும் உரிய கட்டத்தை அதன் மதிப்பிலிருந்தே கணக்கிடும் ஹாஷ் அட்டவணையின் ஒரு கட்டத்தில் முன்பு ஒரு பதிவு இருந்து நீக்கப்பட்டது என்பதைக் காட்டும் குறியைச் சுட்டுகிறது.

திறந்த முகவரி முறையில் எல்லாப் பதிவுகளும் அட்டவணைக்குள்ளேயே இருக்கும். உரிய கட்டத்தில் வேறொன்று இருந்தால் புதிய பதிவு அடுத்த கட்டங்களுக்குத் தள்ளப்படும். 0 முதல் 6 வரை ஏழு கட்டங்கள் கொண்ட அட்டவணையில், எண்ணை 7-ஆல் வகுத்து வரும் மீதியே அதன் உரிய கட்டம் எனக் கொள்வோம். 10, 17, 24 ஆகிய மூன்றுக்கும் மீதி 3. ஆகவே இவ்வரிசையில் சேர்த்தால் 10 மூன்றாம் கட்டத்திலும், 17 நான்கிலும், 24 ஐந்திலும் அமரும்.

இப்போது 17-ஐ நீக்கி, நான்காம் கட்டத்தை வெறுமையாக விட்டால் என்ன ஆகும்? 24-ஐத் தேடும்போது மூன்றில் 10 இருப்பதால் தேடல் நான்குக்குச் செல்கிறது. அங்கே வெறுமையைக் கண்டதும், 24 இருந்திருந்தால் இங்கேயே அமர்ந்திருக்கும் என்று முடிவுசெய்து, இல்லை என விடை தந்து நின்றுவிடுகிறது. 24 ஐந்தில் அப்படியே இருக்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதே இதிலுள்ள பெருந்தொல்லை. பின்னர் 17-ஐ மீண்டும் சேர்த்தால் 24 தானாகவே திரும்பத் தென்படும். இடையில் 24-ஐப் புதிதாகச் சேர்த்திருந்தாலோ அதற்கு இரண்டு பிரதிகள் உண்டாகிவிடும்.

நான்காம் கட்டத்தில் குறி இருந்தால் தேடல் அதைத் தாண்டிச் செல்லும். தேடும் எண் கிடைத்தாலோ, ஒருபோதும் நிரப்பப்படாத கட்டத்தை அடைந்தாலோ மட்டுமே நிற்கும். பைத்தான் நிரல்மொழியின் மூலநிரல் இவ்விரு நிலைகளையும் `DKIX_EMPTY`, `DKIX_DUMMY` எனப் பிரித்து வைத்திருக்கிறது. புதிய பதிவைக் குறியிட்ட கட்டத்தில் வைக்கலாம். ஆனால் குறியைக் கண்டவுடனே வைத்துவிடாமல், அந்த எண் அப்பால் எங்கும் இல்லை என்று வெறுங்கட்டம் வரை தேடி உறுதிசெய்த பிறகே வைக்க வேண்டும்.

தமிழில் நடுகல் என்று வழங்கலாமே எனத் தோன்றும். நடுகல் நின்று வணங்குவதற்கு உரியது. இங்கோ தேடல் நிற்கவே கூடாது. எனவே செயலை நேராகச் சொல்லும் நீக்கக்குறி என்பதே பொருந்தும்.

நீக்கக்குறிகள் பெருகினால், இல்லாத எண்ணைத் தேடும் ஒவ்வொரு தேடலும் நீளும்; வெறுங்கட்டமே இல்லாமற் போனால், கட்டங்களை எண்ணி நிறுத்தாத நிரல் முடிவின்றிச் சுற்றும். ஆகையால் பதிவுகளோடு குறிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, அவற்றின் தொகை வரம்பை எட்டும்போது உயிருள்ள பதிவுகளை மட்டும் புதிய அட்டவணையில் மறுபடி இட வேண்டும்.