ஓலையில் முளைத்த புள்ளிகள்: நோட்புக் காட்டும் ‘முன்’, ‘பின்’ படங்களை எவ்வளவு நம்பலாம்?

பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “தாத்தா வீட்டுப் பரணில் இருந்த ஓலைச்சுவடியைப் படம் எடுத்து, எழுத்து தெளிவாகத் தெரிய, பைதான் நிரல் எழுதி விளைவை அங்கேயே பார்க்கும் ஜூப்பிட்டர் நோட்புக்கில் கான்ட்ராஸ்ட் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். முன் படத்தையும் பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு ஏற்றினாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் கோப்பைச் சேமித்துத் திறந்தால் ஏடு முழுக்கப் பொரிப் பொரியாகப் புள்ளி. நோட்புக்கில் ஏன் இது தெரியவில்லை?”

நல்ல கேள்வி. அவர் பயன்படுத்திய முறையில் தவறில்லை. படத்தைத் திரையில் காட்டிய விதம்தான் அவரை இரண்டு இடத்தில் ஏமாற்றியிருக்கிறது.

ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து தானாகக் கறுப்பாக இருக்காது. கரியும் எண்ணெயும் கலந்து பூசித் துடைத்தால்தான் கீறலுக்குள் மை தங்கி எழுத்து எடுப்பாகத் தெரியும். பல காலம் பரணில் கிடந்த ஏட்டில் அந்த மை போய்விட்டிருக்கும். பழுப்பு ஓலையில் சற்றே ஆழ்ந்த பழுப்பில் கீறல் மட்டும் மிஞ்சும். கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றினால் 0 என்பது முழுக் கறுப்பு, 255 என்பது முழு வெள்ளை. மாணவியின் படம் மாதிரி ஒன்றில் மிக இருண்ட பிக்சல் 60, மிக வெளுத்தது 180 என்று வைத்துக்கொள்வோம். ஓலை 115, எழுத்து 100. நடுவே இருப்பது வெறும் 15 படி. இந்தப் பதினைந்தைப் பெரிதாக்கத்தான் இத்தனை பாடு.

சரி, இந்த எண்களை நோட்புக் எப்படிப் படமாக்குகிறது? நாம் எல்லாரும் கூப்பிடுவது, படம் வரைந்து காட்டும் பைதான் நிரல் நூலகமான மேட்பிளாட்லிப்பின் `imshow`. அதனிடம் ஒற்றை நிறப் படத்தைக் கொடுத்தால் 0 கறுப்பு, 255 வெள்ளை என்று எடுத்துக்கொள்ளாது. கொடுத்த படத்தில் எது மிகச் சிறிய எண், எது மிகப் பெரிய எண் என்று பார்க்கும். சிறியதைக் கறுப்பாக்கும், பெரியதை வெள்ளையாக்கும், மற்றவற்றை நடுவே நிரவும். (அதுவும் `cmap="gray"` என்று சொன்னால்தான். சொல்லாவிட்டால் ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும்.) ஒவ்வொரு வகுப்பிலும் முதல் மாணவருக்கு நூறு, கடைசி மாணவருக்குச் சுழி என்று தனித்தனியாக மார்க் போட்டுவிட்டு, இரண்டு வகுப்பையும் ஒப்பிடச் சொல்வது மாதிரிதான் இது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கிவிடும். முன் படத்தில் 60 கறுப்பாகவும் 180 வெள்ளையாகவும் ஆகிறது. எழுத்தின் 100 திரையில் 85 ஆகிறது, ஓலையின் 115 திரையில் 117 ஆகிறது. கோப்பில் 15 படியாக இருந்த இடைவெளி திரையில் 32 படி! நீங்கள் இன்னும் எதுவுமே செய்யவில்லை. அதற்குள் ‘முன்’ படத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கான்ட்ராஸ்ட் இலவசமாகக் கிடைத்துவிட்டது. பின் படத்தில் உண்மையிலேயே எழுத்தை இரண்டு மடங்கு எடுப்பாக்கியிருந்தாலும், ஏற்கெனவே இரண்டு மடங்கு ஏறிய படத்துக்குப் பக்கத்தில்தான் அது நிற்கிறது. வித்தியாசம் எப்படித் தெரியும்? கான்ட்ராஸ்டைக் கூட்டும் ஸ்லைடரை இன்னும் தள்ளத்தான் கை போகும்.

இதை நேரில் பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. படத்தின் எல்லா எண்களையும் இரண்டால் வகுத்து, முதல் படத்துக்குப் பக்கத்தில் காட்டுங்கள். பாதி இருட்டாக வேண்டிய படம் அச்சு அசலாக முதல் படம் மாதிரியே இருக்கும். 60 முதல் 180 வரை என்பது 30 முதல் 90 வரை என்று ஆனதே தவிர, இரண்டிலும் சிறியது கறுப்பு, பெரியது வெள்ளை. இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சலைவிட வியப்புதான் அதிகம் வந்தது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது. வெப்பநிலை, உயரம், எக்ஸ்ரே என்று எந்த அளவில் எண் வந்தாலும் ஏதாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. ஒரு படத்தைத் தனியாகப் பார்க்க உதவும். இரண்டை ஒப்பிடத்தான் உதவாது.

இதைவிடக் குறும்பான நிலை ஒன்றும் உண்டு. ஏட்டில் ஒரே ஒரு தூசியில் விளக்கு பட்டு, ஒரு பிக்சல் 255 ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது முன் படத்தின் வீச்சு 60 முதல் 255 வரை. அதில் 120 என்ற பிக்சல் திரையில் 78 ஆகத் தெரியும். அடுத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் சுற்றுப்புறத்தின் நடு எண்ணை வைக்கும் மீடியன் வடிகட்டி போட்டுத் தூசியை நீக்குகிறீர்கள். வீச்சு 60 முதல் 180 வரை என்று சுருங்கிவிட்டது என்றால், அதே 120 இப்போது திரையில் 128. ஏடு முழுக்க வெளிச்சம் வந்த மாதிரி இருக்கும். நீக்கியது ஒரு தூசியைத்தான், ஆனால் மீடியன் வடிகட்டி ஏட்டையே பளிச்சென்று ஆக்கிவிட்டதாகக் குறிப்பு எழுதிவைப்போம். சந்தேகம் வந்தால் ஒவ்வொரு படத்துக்கும் `.min()`, `.max()` இரண்டையும் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டு படங்களின் வீச்சும் வேறு வேறு என்றால், திரையில் தெரியும் வெளிச்ச வேறுபாட்டை நம்பக் கூடாது.

தீர்வு ஒரு வரிதான். இரண்டு படத்துக்கும் `vmin=0, vmax=255` என்று நாமே அளவுகோலைக் கட்டிவிட வேண்டும்.

இனி அந்தப் புள்ளிகளுக்கு வருவோம். மாணவி பயன்படுத்தியது, படங்களைத் திருத்த உதவும் ஓப்பன்சிவி என்ற நிரல் நூலகத்தில் உள்ள கிளாஹே என்ற முறை. படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாகக் கான்ட்ராஸ்டை விரிக்கும். `clipLimit` என்பது எத்தனை மடங்கு வரை விரிக்கலாம் என்பதற்கான உச்சவரம்பு என்று ஏறத்தாழச் சொல்லலாம். 2 என்றால் சுமார் இரண்டு மடங்கு, 6 என்றால் சுமார் ஆறு மடங்கு. ஆனால் எது எழுத்து, எது கேமராவின் இரைச்சல் என்று அதற்குத் தெரியாது. பிக்சலுக்குப் பிக்சல் 4 படி மேலும் கீழும் ஆடும் இரைச்சல், ஆறு மடங்கில் 24 படி ஆடும்.

24 படி ஆட்டம் கண்ணில் படாமல் போகுமா? போகும். ஓலை நீளமானது. படம் 4000 பிக்சல் அகலம் என்றால், நோட்புக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 500 பிக்சல்தான் கிடைக்கும். எட்டில் ஒரு பங்காகச் சுருக்கும்போது, திரையின் ஒரு பிக்சலில் மூலப்படத்தின் அறுபத்து நான்கு பிக்சல்கள் கலக்கின்றன. மேட்பிளாட்லிப் அவற்றை நிரவிச் சராசரி மாதிரி ஆக்கிவிடுகிறது. தாறுமாறாக ஆடும் இரைச்சல் இப்படிச் சராசரியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். 24 படி 3 படியாகிறது. திரையில் ஏடு வழவழவென்று இருக்கும், சேமித்த கோப்பில்தான் பொரி தெரியும்.

ஓலைச்சுவடியில் இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். க என்று இருப்பது ‘க’வா ‘க்’கா என்று படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். அங்கே எழுத்தின் தலைக்கு மேல் இரைச்சல் ஒரு புள்ளியை வைத்தால் என்ன ஆகும்? ஏற்றிக் காட்டிய படத்தில் ‘இதோ எழுத்து’ என்று வட்டம் போட்டு, பல ஆயிரம் ஆண்டுக் கணக்கோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், மூலப்படத்தையும் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கத் தோன்றும். அதையும் ஒரே அளவுகோலில்.

ஆகவே முழு ஏட்டையும் சுருக்கிப் பார்க்காமல், நாலைந்து எழுத்து உள்ள ஒரு துண்டை மட்டும் பெரிதாகப் பாருங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. துண்டை முதலில் வெட்டிவிட்டு அதில் கிளாஹே போடக் கூடாது. எட்டுக்கு எட்டு என்று கட்டம் கட்டினால், 4000க்கு 400 பிக்சல் உள்ள முழு ஏட்டில் ஒரு கட்டம் 500க்கு 50. 480க்கு 240 பிக்சல் உள்ள துண்டில் அதே கட்டம் 60க்கு 30 ஆகிவிடும். ஸ்லைடர் ஒரே எண்ணைக் காட்டினாலும் விளைவு வேறு. முழு ஏட்டிலும் போட்டுவிட்டு, காட்டும்போது மட்டும் வெட்ட வேண்டும்:

```python
import cv2
import matplotlib.pyplot as plt
from ipywidgets import interact

img = cv2.imread("edu.png", cv2.IMREAD_GRAYSCALE)

def paar(clip=2.0):
    out = cv2.createCLAHE(clip, (8, 8)).apply(img)
    fig, ax = plt.subplots(1, 2, figsize=(14, 4))
    for a, im in zip(ax, (img, out)):
        a.imshow(im[80:320, 1200:1680], cmap="gray",
                 vmin=0, vmax=255, interpolation="nearest")
        a.axis("off")
    plt.show()

interact(paar, clip=(1.0, 6.0, 0.5))
```

`nearest` என்பது பிக்சல்களை நிரவாமல் கட்டம் கட்டமாகவே காட்டச் சொல்கிறது. படம் பெரியதாக இருந்து ஸ்லைடர் திணறினால், `FloatSlider` வைத்து `continuous_update=False` கொடுங்கள், கையை எடுத்த பிறகுதான் கணக்குப் போடும்.

இப்படிப் பார்த்தால் இடப்பக்கம் உண்மையான மங்கல் ஏடு தெரியும், பார்க்கவே பாவமாக இருக்கும். வலப்பக்கம் 2 வைத்தாலே கீறல்கள் எழுந்து நிற்கும். எண்ணை ஏற்ற ஏற்ற ஓலையின் கிடைக்கோட்டு நரம்புகளும் எழுத்தோடு சேர்ந்து கறுக்கும். அப்புறம் எழுத்தே இல்லாத ஓரத்தைப் பாருங்கள். அங்கே எந்த எண்ணில் பொட்டுப் பொட்டாக வரத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். PNG கோப்பாகச் சேமிக்க `cv2.imwrite` போதும், உள்ள எண்களை அப்படியே எழுதும். `plt.imsave` வேண்டாம், அதுவும் `imshow` மாதிரியே தன்னிச்சையாக விரித்துவிடும்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இயங்கும் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் இருக்கும் ஏடுகளை நினைத்தால் எனக்கு ஒன்று தோன்றும். சுவடிகளை மின்மயமாக்க நிதி என்றாலே கேமராவுக்கும் ஸ்கேனருக்கும்தான் முதலில் கணக்கெழுதுகிறோம். ஒவ்வொரு கட்டுக்கும் உட்கார்ந்து இந்த ஸ்லைடரை நகர்த்தி, மூலத்தோடு ஒப்பிட்டு, என்ன எண் வைத்தேன் என்று குறித்துவைக்கும் ஆளுக்கும் சம்பளம் எழுத வேண்டும்.

வண்ணப் படமாகவே வைத்துக்கொண்டால் இந்த இலவச விரிப்பு நடக்காது. மூன்று நிறப் படத்துக்கு `imshow` 0 முதல் 255 வரை என்றே எடுத்துக்கொள்ளும், தசம எண்களாக இருந்தால் 0 முதல் 1 வரை. அங்கே வேறு தொல்லை: ஓப்பன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைப்பதால் பழுப்பு ஓலை நீலமாகத் தெரியும். `cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2RGB)` போட்டுவிட்டுக் காட்டுங்கள்.