கழிவுக் குளோரீன் அல்ல, மீதிக் குளோரீன்

கல்லடியில் வசிக்கும் என் மாமி குழாய் நீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, முற்றத்தில் மூடியில்லாமல் கிடக்கும் பழைய கிணற்றிலிருந்து நீர் அள்ளத் தொடங்கியிருந்தார். காரணம் கேட்டபோது, "இதுக்குள்ள கழிவுக் குளோரீன் இருக்காம் மகன், மணக்குதுதானே" என்று சொல்லித் துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். 'ரெசிடுவல் குளோரீன்' என்ற ஆங்கிலத் தொடருக்குப் பெயர்ப்பாக வழங்கும் அச்சொல்லை நான் முன்பும் பலமுறை கேட்டிருக்கிறேன். அதே தாளில் இரண்டு வரி தள்ளி 'கழிவுநீர்' என்றும் இருந்ததால், மாமி இரண்டையும் ஒரே இனமாக எண்ணியதில் அவர்மேல் குற்றமில்லை.

குளோரீன் என்ற பெயர் வெளிர்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1810 இல் ஹம்பிரி டேவி வைத்தது. தனிமத்தின் பெயர் என்பதால் அதை அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. சிக்கல் அதற்கு முன் வரும் 'ரெசிடுவல்' என்ற அடைமொழியில்தான் உள்ளது. தங்கி நிற்றல், பின்தங்குதல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த அச்சொல்லில் அழுக்கு என்ற கருத்து எங்கும் இல்லை.

கழித்தல் கணக்கிலிருந்தே கழிவு வந்தது என்று மொழிபெயர்ப்பாளர் வாதிடலாம். கடைகளில் விலைக்கழிவு என்று எழுதுகிறோமே என்றும் கேட்கலாம். ஆனால் அந்தக் கணக்கைச் செய்து பார்த்தாலே வாதம் உடைந்துவிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு லீற்றர் நீருக்கு 2 மில்லிகிராம் குளோரீன் இடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். குளத்து நீரில் கரைந்திருக்கும் இலைதழைச் சாறும் அமோனியாவும் கிருமிகளும் அதில் 1.5 மில்லிகிராமைத் தின்றுவிட்டால், கழிந்தது அந்த 1.5 தான், நிற்கும் 0.5 மீதி. விலைக்கழிவிலும் விலையிலிருந்து நீங்கும் தொகைதான் கழிவு, நாம் செலுத்தும் தொகை அன்று. ஆகவே எஞ்சி நிற்பதைக் கழிவு என்பது கணக்கைத் தலைகீழாக வாசிப்பதாகும்.

அந்த மீதி தவறி எஞ்சுவதும் அல்ல, வேண்டுமென்றே விடப்படுவது. நிலையத்தை விட்டு வெளியேறிய பின் குழாய் வெடிப்பின் வழியாகவோ மேல்தாங்கியின் வழியாகவோ கிருமி புகுந்தால் அதை எதிர்கொள்வதற்கு அதுவே காவல். குறைந்தது 30 நிமிடத் தொடுகைக்குப் பின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமும், வீட்டுக் குழாயை அடையும்போது குறைந்தது 0.2 மில்லிகிராமும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தீங்கு கருதி அது வைத்துள்ள வழிகாட்டல் அளவு 5 மில்லிகிராம். சிலருடைய நாவுக்கு 0.3 மில்லிகிராமே தெரிந்துவிடுவதால், குளோரீன் தெரிகிறது என்பதால் மட்டும் அது ஊறு செய்யும் அளவில் இருப்பதாகக் கொள்ள முடியாது.

'எச்சம்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கும் நண்பர்களும் உண்டு. பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்தில் அது அழகாகவே நிற்கிறது. ஆனால் குடிநீரோடு சேரும்போது காக்கையின் எச்சம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பள்ளிக் கணக்கில் எல்லோரும் படித்த மீதி இருக்க, வேறு சொல் எதற்கு?

இதைவிடக் கவலை தருவது, 'ஃபிரீ ரெசிடுவல் குளோரீன்' என்ற தொடரின் முன்னொட்டான 'ஃபிரீ' என்பதை 'இலவச' என்று பெயர்ப்பது. இங்கே பொருள் விலையைப் பற்றியதே அல்ல, வேறொன்றோடு பிணையாமல் தனித்து நிற்பதைப் பற்றியது. நம் பாடநூல் வழக்கில் அது 'சுயாதீன' ஆகும். இந்த வேறுபாடு தெரியாவிட்டால் மணத்தின் பொருளும் தெரியாது. குளோரீன் அமோனியாவோடு பிணைந்தால் குளோரமீன்கள் உண்டாகின்றன. அவற்றுள் சில, சுயாதீனக் குளோரீனைவிடக் கடுமையாக மணப்பவை. ஆனால் கிருமி கொல்லும் வேகம் அவற்றுக்குக் குறைவு. நீரில் டி.பி.டி. என்ற சோதனை வில்லையை இட்டு, தோன்றும் இளஞ்சிவப்பின் அடர்த்தியைப் பார்த்து அளக்கும்போது சுயாதீனம் 0.1, மொத்தம் 0.8 என்று வந்தால் பிணைந்தது 0.7. அந்த நீர் மூக்கைத் துளைக்கும், காவலோ மெலிந்திருக்கும். கடுமையான மணம் மிகையான குளோரீனைக் காட்டலாம், போதாத குளோரீனையும் காட்டலாம். அளந்து பார்க்காமல் எதுவென்று சொல்ல இயலாது. வழக்கமாக மணக்கும் குழாய், திருத்தவேலைக்குப் பின் சட்டென்று மணமற்றுப் போனால் அதையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி அளக்கச் செய்ய வேண்டும்.

மாமியிடம், நீரை வாயகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்தால் சுயாதீனக் குளோரீனின் மணம் பெரும்பாலும் அடங்கும் என்றேன். ஆனால் மணத்தோடு காவலும் போய்விடுவதால், பிறகு மூடிவைத்து அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டும் என்றும் சொன்னேன். "அப்ப இது கழிவில்லையா?" என்று கேட்டார். மூடியில்லாத அந்தக் கிணற்று நீரில் இந்த மீதி ஒரு துளியும் இல்லை என்று சொன்னபோதுதான் அவர் வாளியைக் கீழே வைத்தார்.